ஒரு லிட்டர் பாலுக்கு உண்மையில் என்ன செலவாகிறது? கறவை மாட்டுக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் எண்கள் ஈரோடு மாவட்டத்தில் எங்கள் கட்டுத்தறியில் இருந்த ஒரு கலப்பின ஜெர்சி மாட்டின் நோட்டிலிருந்து எடுத்தவை. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன். தீவன விலையும் கூலியும் உங்கள் ஊரில் வேறாக இருக்கும். அந்த இடத்தில் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் வழி ஒன்றுதான்.

என் மாடு பத்து லிட்டர் கறக்கிறது. தீவனச் செலவு ஒரு நாளைக்கு 210 ரூபாய்தான். அப்போ லிட்டருக்கு 21 ரூபாய்தானே?

இன்றைக்கு மட்டும் பார்த்தால் சரிதான். ஆனால் அந்த மாடு வருடம் முழுவதும் பத்து லிட்டர் கறக்காது. கன்று போட்ட முதல் மூன்று மாதம் கறக்கும், அப்புறம் எட்டுக்கு இறங்கும், அப்புறம் ஐந்து. பிறகு வற்றிவிடும். வற்றிய மாடும் தின்னத்தான் செய்யும். அந்த நாட்களின் தீவனத்தையும் இன்றைய பால்தான் சுமக்க வேண்டும்.

எங்கள் மாட்டுக்கு, நன்றாகக் கறந்த நாளில் தீவனச் செலவு லிட்டருக்கு 21 ரூபாய். அதே மாட்டுக்கு ஒரு ஈத்து முழுக்கத் தீவனத்தைக் கூட்டி, அந்த ஈத்தின் மொத்தப் பாலால் வகுத்தபோது 28 ரூபாய் 50 காசு வந்தது. தீவனம் மட்டும்தான் இது. கூலி, மருந்து, மாட்டின் விலை எதுவும் இதில் சேரவில்லை. பலரும் ஏமாறுவது இந்த ஏழரை ரூபாயில்தான்.

அப்படியென்றால் எத்தனை நாளைக்குக் கணக்குப் பார்க்க வேண்டும்?

ஒரு கன்று போட்ட நாளிலிருந்து அடுத்த கன்று போடும் நாள் வரை. ஒரு மாதத்துக்கோ ஜனவரி முதல் டிசம்பர் வரையோ பார்த்தால், பால் உச்சத்தில் இருந்த காலம் அதற்குள் விழுந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து விடை தாறுமாறாக மாறும்.

எங்கள் மாட்டுக்கு இந்த இடைவெளி 14 மாதம், அதாவது 420 நாள். முதல் 90 நாள் சராசரியாக 10 லிட்டர் கறந்தது. அடுத்த 120 நாள் 8 லிட்டர், அதற்கடுத்த 120 நாள் 5 லிட்டர். கடைசி 90 நாள் பால் இல்லை. கூட்டினால் 900, 960, 600. ஆக 2,460 லிட்டர். கன்று குடித்த பால் இதில் சேராது. வீட்டுக்கு எடுத்த பால் சேரும், ஏனென்றால் அது நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருக்க வேண்டிய பால்.

2,460 லிட்டரை 420 நாளால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 5 லிட்டர் 860 மில்லி. பத்து லிட்டர் மாடு என்று சொல்லி வாங்கிய மாடு, கணக்கில் ஆறு லிட்டருக்கும் குறைவான மாடு. சந்தையில் தரகர் சொல்வது உச்சக் கறவையை. நம் செலவைத் தாங்கப்போவது இந்தச் சராசரி.

அடர் தீவனம் எவ்வளவு போகிறது என்று தினமும் எடை போட முடியுமா?

தினமும் வேண்டாம். மூட்டையைப் பிரிக்கும் நாளன்று தேதியை மூட்டை மேலேயே எழுதிவிடுங்கள், காலியாகும் நாளன்று நோட்டில் ஏற்றுங்கள். 50 கிலோ மூட்டை ஒரு மாட்டுக்கு 9 நாள் வந்தால், ஒரு நாளைக்கு ஐந்தரைக் கிலோ போகிறது. இது எந்தத் தராசையும்விட நம்பகமானது, ஏனென்றால் சிந்தியது, எலி தின்றது, பக்கத்து மாட்டுக்கு அள்ளிப் போட்டது எல்லாம் இதில் வந்துவிடும்.

டப்பாவால் அளந்து போடுபவர்கள் ஒரே ஒரு முறையாவது அந்த டப்பாவை எடை போட வேண்டும். அதுவும் ஒவ்வொரு தீவனத்துக்கும் தனித்தனியாக. ஒரே டப்பா நிறையத் தவிடு எடுத்தால் ஒரு எடை, புண்ணாக்கு எடுத்தால் வேறு எடை. "ரெண்டு டப்பா வைக்கிறேன்" என்பதை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது.

நாங்கள் பின்பற்றியது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவுதான்: உடம்பைக் காப்பாற்ற ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. அதன்படி 10 லிட்டர் காலத்தில் ஐந்தரைக் கிலோ, 8 லிட்டர் காலத்தில் ஏறக்குறைய நாலரை, 5 லிட்டர் காலத்தில் மூன்றரை. வற்றிய 90 நாளில், வயிற்றில் வளரும் கன்றுக்கும் சேர்த்துச் சராசரியாக இரண்டரைக் கிலோ. 420 நாளைக்கு 1,680 கிலோ. மூட்டை 1,400 ரூபாய், அதாவது கிலோ 28 ரூபாய். ஆக 47,040 ரூபாய். மொத்தச் செலவில் இதுவே பெரிய பங்கு.

பசுந்தீவனம் சொந்த நிலத்தில் விளைகிறது. அதற்கு ஏன் விலை போட வேண்டும்?

அந்த நிலம் சும்மா கிடைக்கவில்லை என்பதால்தான். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 20 கிலோ என்றால் வருடத்துக்கு 7,300 கிலோ. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நன்றாகத் தண்ணீர் பாயும் நிலத்தில் இருந்தால், நம் போன்றவர்கள் கையில் பத்து சென்ட் அதற்குப் போதும். பல்கலைக்கழகப் பண்ணை விளைச்சலை வைத்துக் கணக்குப் போட்டால் இன்னும் குறைந்த இடம் போதும் என்று வரும். ஆனால் கோடையில் கிணறு வற்றும் ஊரில் அதை நம்பக் கூடாது.

அந்தப் பத்து சென்டைக் குத்தகைக்கு விட்டிருந்தால் எங்கள் பகுதியில் வருடம் 2,500 ரூபாய் வந்திருக்கும். உரம் 2,000. களை எடுத்தது, கரணை நட்ட செலவில் இந்த வருடப் பங்கு எல்லாம் சேர்த்து 1,800. தண்ணீர் பாய்ச்ச, மோட்டார் பழுதில் பங்கு 1,000. மொத்தம் 7,300. கிலோவுக்கு ஒரு ரூபாய் விழுகிறது. அறுக்கும் வேலையை இங்கே சேர்க்கவில்லை, அது கூலிக் கணக்கில் வரும். விவசாய மின்சாரம் தமிழ்நாட்டில் இலவசம், அதனால் அதற்கும் எதுவும் போடவில்லை. 420 நாளைக்கு 8,400 ரூபாய்.

வெளியில் புல் வாங்கிப் போடுபவர்கள் வாங்கும் விலையைத்தான் போட வேண்டும். அங்கே கிலோ இரண்டரை, மூன்று ரூபாய் என்றால் கணக்கே வேறாகிவிடும். லிட்டருக்கு ஐந்தாறு ரூபாய் கூடும்.

வைக்கோலில் ஒரு விஷயம். மாடு தின்றது நாலு கிலோவாக இருக்கலாம், ஆனால் நாம் எடுத்துப் போட்டது ஐந்து கிலோ. காலடியில் மிதிபட்டது, மழையில் பூத்துப் போனது எல்லாம் நம் காசுதான். வாங்கிய எடையைத்தான் எழுத வேண்டும். நாளைக்கு 5 கிலோ, கொண்டுவந்து இறக்கும் செலவோடு கிலோ 6 ரூபாய், 420 நாளைக்கு 12,600. தாது உப்புக் கலவையும் கல்லுப்பும் தனியாக 2,000.

வீட்டு ஆட்கள்தான் பார்த்துக்கொள்கிறோம். கூலி என்று எதைப் போடுவது?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சாணி அள்ளுவதும், புல் அறுத்துச் சுமப்பதும், விடியற்காலை ஐந்து மணிக்குக் கறப்பதும் பெரும்பாலும் அவர்கள் வீட்டுப் பெண்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மா இருபது வருடம் மாடு பார்த்தார், அந்த உழைப்புக்கு எந்த நோட்டிலும் ஒரு வரி கிடையாது. பால் பணம் வந்தது, "மாடு சோறு போடுகிறது" என்று சொன்னோம். சோறு போட்டதில் அம்மாவின் கூலி எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் இந்த நோட்டையே ஆரம்பித்தேன்.

ஒரு வாரம் மட்டும் மணி பார்த்து எழுதுங்கள். கட்டுத்தறி சுத்தம், புல் அறுப்பு, நறுக்குவது, தண்ணீர் காட்டுவது, குளிப்பாட்டுவது, இரண்டு வேளை கறவை, சொசைட்டிக்கு நடந்து போய் வருவது எல்லாம். எங்களிடம் இரண்டு மாடு இருந்தது, ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. ஒரு மாட்டுக்கு ஒன்றே முக்கால் மணி. 420 நாளைக்கு 735 மணி நேரம்.

விலை எதைப் போடுவது என்றால், அந்த நேரத்தில் வேறு வேலைக்குப் போயிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதை. நான் குறைந்தபட்சமாக 100 நாள் வேலைத் திட்டத்தின் கூலியை எடுத்துக்கொண்டேன். 2025-26க்குத் தமிழ்நாட்டில் அது நாளொன்றுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. ஆக 30,870 ரூபாய். கறவைக்கு ஆள் வைத்திருந்தால் அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தை அப்படியே போடுங்கள்.

மருந்துச் செலவு எப்போதாவதுதானே வரும்?

எப்போதாவது வருவதால்தான் மறந்துபோகிறது. அந்த 420 நாளில் எங்களுக்கு ஆனது: சினை ஊசி மூன்று முறை, ஆளை வீட்டுக்கு வரவழைத்ததில் 900. குடற்புழு மருந்து 400. ஒரு முறை மடிநோய், மருத்துவரும் மருந்துமாக 2,500. கன்று போட்டபோது கால்சியம் பாட்டிலும் சில்லறை வைத்தியமும் 700. காப்பீட்டுப் பிரிமியம் 1,500. ஆக 6,000. கோமாரித் தடுப்பூசி அரசு இலவசமாகப் போடுகிறது.

மடிநோயில் பில் தொகையைவிட நஷ்டம் பெரிது. ஊசி போட்ட நாட்களிலும், மருத்துவர் சொன்ன கெடு முடியும் வரையிலும் அந்தப் பாலை ஊற்றக் கூடாது. எங்களுக்கு ஏழு நாள் போனது, நாளைக்கு எட்டு லிட்டர் வீதம் 56 லிட்டர். லிட்டர் 36 ரூபாய் என்றால் 2,000 ரூபாய்க்கு மேல். இதைச் செலவுப் பக்கத்தில் மறுபடி எழுதக் கூடாது. நான் சொன்ன 2,460 லிட்டர் அந்தப் பாலைக் கழித்த பிறகு மீந்தது, அங்கேயே நஷ்டம் பதிவாகிவிட்டது. நோய் வந்த காம்பில் பால் பழையபடி திரும்பாமலும் போகலாம். கறக்கும்போது முதல் இரண்டு மூன்று பீச்சலைக் கறுப்புத் துணியிலோ கறுப்புத் தட்டிலோ பீச்சிப் பாருங்கள். சின்னச் சின்னத் திரி போலத் தெரிந்தால் மடி வீங்கும் வரை காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மாடு வாங்கிய பணம் முதல்தானே, அதைச் செலவில் எப்படிச் சேர்ப்பது?

முழுப் பணத்தையும் சேர்க்கக் கூடாது, ஒரு ஈத்தில் தேய்ந்ததை மட்டும் சேர்க்க வேண்டும். இரண்டாம் ஈத்தில் 60,000 ரூபாய்க்கு வாங்கினோம். இன்னும் நாலு ஈத்து வைத்திருந்து விற்றால் 25,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். 35,000 ரூபாய் நாலு ஈத்தில் தேய்கிறது, ஒரு ஈத்துக்கு 8,750.

அந்தப் பணத்துக்கு வட்டி உண்டு. மாட்டின் சராசரி மதிப்பு 42,500 என்று எடுத்து, கிசான் கடன் அட்டையில் கறவை மாட்டுக்கு வாங்கும் கடன் போல 7 சதவீதம் போட்டால் 420 நாளைக்கு 3,400 ரூபாய் வரும். கைக்காசு போட்டு வாங்கினாலும் இதைப் போடுங்கள். கந்துவட்டிக்கு வாங்கியிருந்தால் அந்த வட்டியைப் போட்டுப் பாருங்கள், வேறு எந்தச் செலவையும் பார்க்க வேண்டியிருக்காது. கொட்டகை, நறுக்கும் இயந்திரம், கயிறு, பால்கேன் இவற்றின் தேய்மானம் ஒரு மாட்டின் பங்குக்கு 4,000. மூன்றும் சேர்ந்து 16,150.

வீட்டிலேயே பிறந்து வளர்ந்த மாடு என்றால் விலை இல்லை என்று விட்டுவிடாதீர்கள். முதல் கன்று போட்ட அன்று சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்குமோ அதுதான் அதன் முதல்.

சாணமும் கன்றும் வரவுதானே?

ஆமாம், அவற்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். சொந்த வயலுக்குப் போட்டாலும் எருவுக்கு ஊரில் விற்கும் விலையைப் போடுங்கள். எங்களுக்கு இரண்டு டிராக்டர் எரு, 4,000. கன்று காளையா கிடேரியா என்பது நம் கையில் இல்லை, அதனால் இரண்டுக்கும் சராசரியாக 4,000 போட்டேன். கிடேரி பிறந்துவிட்டது என்பதற்காக அது மாடானால் 60,000 என்று இந்தக் கணக்கில் ஏற்றக் கூடாது. அதை வளர்க்கும் இரண்டரை வருடச் செலவு வேறு நோட்டு.

எல்லாம் கூட்டினால் என்ன வருகிறது?

| செலவு (420 நாள்) | ரூபாய் |
|---|---|
| அடர் தீவனம் | 47,040 |
| பசுந்தீவனம் | 8,400 |
| வைக்கோல் | 12,600 |
| தாது உப்பு | 2,000 |
| மருந்து, சினை ஊசி, காப்பீடு | 6,000 |
| கூலி | 30,870 |
| மாட்டின் தேய்மானம், வட்டி, கொட்டகை | 16,150 |
| மொத்தம் | 1,23,060 |
| எருவும் கன்றும் கழிக்க | 8,000 |
| நிகரச் செலவு | 1,15,060 |

இதை 2,460 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 46 ரூபாய் 77 காசு.

ஆவின் விலை 38 ரூபாய் என்கிறார்கள். எனக்கு அது கிடைப்பதே இல்லையே?

2022 நவம்பரில் பசும்பாலின் கொள்முதல் விலை 32லிருந்து 35 ஆனது. 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. அந்த 35 என்பது குறிப்பிட்ட கொழுப்பும் இதரச் சத்தும் உள்ள பாலுக்கான விலை. உங்கள் பால் அதற்குக் கீழே இருந்தால் விலையும் இறங்கும். ஆகவே சுவரொட்டி விலையை எடுக்காதீர்கள். கைக்கு வந்த மொத்தப் பணத்தை ஊற்றிய மொத்த லிட்டரால் வகுங்கள். எங்களுக்கு 36 வந்தது.

இன்னொரு சின்ன இடம்: ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய ஒரு கிலோ 30 கிராம். சில இடத்தில் லிட்டரில் அளப்பார்கள், சில இடத்தில் கிலோவில் எடை போடுவார்கள். வீட்டில் லிட்டரில் எழுதிவிட்டு அங்கே கிலோவுக்குப் பணம் வாங்கினால் 100க்கு 3 வித்தியாசம் வரும். இரண்டையும் ஒரே அளவில் எழுதுங்கள். நுரையோடு அளந்த பாலும் இப்படித்தான் ஏமாற்றும். நுரை அடங்கிய பிறகு அளக்க வேண்டும்.

செலவு 47, வரவு 36. அப்படியானால் மாட்டை விற்றுவிட வேண்டியதுதானா?

அவசரப்பட வேண்டாம். லிட்டருக்கு 11 ரூபாய் கையிலிருந்து போகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. இந்த 47க்குள் வெவ்வேறு வகையான பணம் கலந்திருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும்.

கையை விட்டு உண்மையில் போன காசை மட்டும் எடுங்கள்: அடர் தீவனம், வைக்கோல், தாது உப்பு, மருந்து, புல்லுக்குப் போட்ட உரம் களை செலவு. அது 73,160 ரூபாய், லிட்டருக்கு 29 ரூபாய் 74 காசு. வாங்கிய விலை 36. லிட்டருக்கு ஆறேகால் ரூபாய் கையில் நிற்கிறது, எருவும் கன்றும் சேர்த்தால் 14 மாதத்தில் 23,400 ரூபாய். இதனால்தான் மாடு வைத்திருப்பவர்களுக்குப் பணம் வருவது போலவே தெரிகிறது. பொய்யில்லை, வரத்தான் செய்கிறது.

ஆனால் அந்தப் பணத்திலிருந்துதான் மாடு தேய்வதற்கும், வட்டிக்கும், கொட்டகைக்கும், நிலக் குத்தகைக்கும் எடுத்து வைக்க வேண்டும். எடுத்து வைத்த பிறகு மீதி 4,370 ரூபாய். அதுதான் 735 மணி நேர உழைப்புக்குக் கிடைத்த கூலி. மணிக்கு ஆறு ரூபாய். எடுத்து வைக்காமல் செலவு செய்தவர்கள், மாடு வயதாகி விற்கும் நாளில் அடுத்த மாடு வாங்கக் கடன் தேடுவார்கள்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி, அந்த உழைப்புக்கு வேறு வேலை இருக்கிறதா என்பதுதான். வீட்டைவிட்டு வெளியே போக முடியாத ஒருவர் பார்த்துக்கொள்கிறார், புல் வரப்பில் கிடைக்கிறது, எரு வயலுக்கு வேண்டும் என்றால் கைக்காசு மிச்சமே போதும் என்று முடிவெடுக்கலாம். அது அறிந்து எடுத்த முடிவு. கடன் வாங்கி, புல்லையும் வாங்கிப் போட்டு, ஆள் வைத்து இந்த அளவில் நடத்தினால் நிச்சயம் நஷ்டம்.

செலவைக் குறைக்க எங்கே கை வைக்கலாம்? தீவனத்தைக் குறைக்கட்டுமா?

முதலில் நாட்களைக் குறையுங்கள். நன்றாகக் கறக்கும் காலத்தில் பால் பணத்தில் தீவனம் போக ஒரு நாளைக்கு 151 ரூபாய் நின்றது. 8 லிட்டர் காலத்தில் 107. ஐந்து லிட்டருக்கு வந்தபோது வெறும் 27. வற்றிய நாளில் 125 ரூபாய் கையிலிருந்து போனது. லாபம் முழுக்க முதல் ஏழு மாதத்தில் இருக்கிறது. அடுத்த கன்று எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு சீக்கிரம் அந்த நாட்கள் திரும்ப வரும்.

எங்கள் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். கன்று போட்ட 77ஆம் நாள் முதல் சினை ஊசி போட்டோம், நிற்கவில்லை. 21 நாள் கழித்து 98ஆம் நாள் மறுபடி பருவத்துக்கு வந்திருக்க வேண்டும், அன்று ஊரில் விசேஷம், யாரும் கவனிக்கவில்லை. 119ஆம் நாள் போட்டதும் நிற்கவில்லை. 140ஆம் நாள் போட்டதுதான் சினை நின்றது. சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள், ஆக 420.

98ஆம் நாள் யாராவது பார்த்திருந்து, ஒரு சுற்று முன்னதாகவே நின்றிருந்தால் வற்றிய காலம் 90லிருந்து 69 நாளாகியிருக்கும். கன்று போடும் முன் மடிக்கு இரண்டு மாத ஓய்வு வேண்டும், 69 நாள் அதற்குத் தாராளம். அந்த 21 நாளின் தீவனம், கூலி, வட்டி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 4,300 ரூபாய். லிட்டருக்கு ஒன்றே முக்கால் ரூபாய் குறைந்திருக்கும். ஒரு நாள் மாட்டைக் கவனிக்காததன் விலை அது.

கலப்பின மாடுகள் கோடையில் கத்தாமலேயே பருவத்துக்கு வந்து போய்விடும். இரவு படுக்கப் போகும் முன்னும் விடியற்காலையிலும் ஒரு நடை போய்ப் பாருங்கள். கண்ணாடி போன்ற சளி ஒழுக்கு, திடீரென்று பால் குறைவது, தீனி எடுக்காமல் நிற்பது இவைதான் அறிகுறி. காலையில் தெரிந்தால் அன்று மாலையும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையும் ஊசி போட வேண்டும். போட்ட தேதியிலிருந்து 18 முதல் 24 நாள் வரை நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். நிற்காத மாட்டுக்கு மூன்று ஊசிக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு போடாமல் கருப்பையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

சரி, தீவனத்தில் குறைக்கவே இடமில்லையா?

பால் இறங்கிய பிறகு இருக்கிறது. எட்டு லிட்டர் கறந்தபோது வைத்த அளவையே ஐந்து லிட்டருக்கு இறங்கிய பிறகும் வைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு கிலோ அதிகம் என்றால் 120 நாளில் 3,360 ரூபாய், லிட்டருக்கு ஒரு ரூபாய் 37 காசு. அரைக் கிலோ குறைத்துவிட்டு ஐந்து நாள் பாலை அளந்து பாருங்கள். பால் அப்படியே இருந்தால் இன்னொரு அரைக் கிலோ குறைக்கலாம். இறங்கினால் பழையபடி வையுங்கள்.

கன்று போட்ட முதல் மூன்று மாதத்தில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். அப்போது குறைத்தால் மாடு தன் சதையைக் கரைத்துப் பால் கொடுக்கும். விலா எலும்பு தெரிய ஆரம்பிக்கும், பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும். மூட்டையில் மிச்சம் பிடித்த பணத்தை வற்றிய நாட்களில் இரண்டு மடங்காகக் கொடுக்க வேண்டியிருக்கும். கடைசி இரண்டு மாதச் சினை மாட்டுக்கும் அப்படித்தான்.

14 மாதம் நோட்டு எழுதப் பொறுமை இல்லை. குறுக்கு வழி உண்டா?

ஐந்தாறு மாடு இருந்தால் உண்டு. கட்டுத்தறியில் இருக்கும் எல்லா மாடுகளின் ஒரு மாதச் செலவையும், வற்றியது சினையானது உட்பட, கூட்டி அந்த மாதம் ஊற்றிய மொத்தப் பாலால் வகுங்கள். மாடுகள் வெவ்வேறு மாதத்தில் கன்று போட்டிருந்தால் விடை ஓரளவு சரியாக வரும். வற்றிய மாட்டை மட்டும் கணக்கிலிருந்து விட்டுவிடக் கூடாது.

ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருப்பவர்களுக்குக் குறுக்கு வழி இல்லை. ஆனால் எழுதுவது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. மூட்டை பிரித்த தேதி, சினை ஊசித் தேதி, மருத்துவருக்குக் கொடுத்தது, பத்து நாளைக்கொரு முறை அளந்த பால், இவ்வளவுதான். கட்டுத்தறித் தூணில் ஒரு நோட்டையும் பேனாவையும் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். வீட்டுக்குள் வைத்த நோட்டில் எங்களுக்கு இரண்டு முறை பாதியிலேயே எழுத்து நின்றுபோனது, தூணில் தொங்கியதுதான் 420 நாளும் ஓடியது.